ஐஸ்பெட்டிக்குக் கூடுதல் வாரண்டி: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

சுங்கை சிப்புட் டவுனில் ஐஸ்பெட்டி வாங்கப் போனால், விலை பேசி முடித்து ரசீது போடும் நேரத்தில் கடையில் ஒரு கேள்வி வரும். "கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தான்க்கா. இன்னும் ரெண்டு வருஷம் கூட்டிக்கிட்டா நிம்மதி. தவணையில சேர்த்துடலாம், மாசத்துக்கு இருபத்து நாலு வெள்ளிதான்." பத்துப் பன்னிரண்டு கடை ஏறி இறங்கி, ஐம்பது வெள்ளி குறைக்க அரை மணி நேரம் பேசியவர்கள்கூட இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் தலையாட்டிவிடுவார்கள்.

நான் பல வருடம் மின்சாமான் கடையில் கணக்கு எழுதியவள். ஐஸ்பெட்டியில் கடைக்கு நிற்கும் லாபத்தைவிட, போட்ட விலைக்கு ஒப்பிட்டால், இந்தக் கூடுதல் வாரண்டித் தாளில் நிற்கும் லாபம் அதிகம். விற்கிற பையன்களுக்குத் தனிக் கமிஷனும் உண்டு. அதற்காக எல்லாத் தாளும் வீண் என்று சொல்ல மாட்டேன். சில பொருளுக்கு அது கைகொடுக்கும். எந்தப் பொருளுக்கு, எந்த விலையில் என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். தோட்டத்து வீட்டிலிருந்து டவுனுக்குக் குடிவந்து, முதன்முதலாகப் புதுச் சாமான் வாங்குகிற குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஐஸ்பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதிகமாகக் குழப்புவதும் அதன் வாரண்டிதான்.

முதலில், ஏற்கெனவே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்

கதவில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: "10 ஆண்டு வாரண்டி". அதன் கீழே சின்ன எழுத்தில் "கம்ப்ரசருக்கு" என்று இருக்கும். பெட்டி முழுவதற்கும் உள்ள பொது வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம், சில கம்பெனிகளில் இரண்டு வருடம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கணக்கை ஆரம்பிக்கவே முடியாது.

கம்ப்ரசர் என்பது பெட்டியின் பின்பக்கம் அடியில் இருக்கும் கறுப்பு உருளை. வாயுவை அழுத்தி அனுப்புவது அதன் வேலை. இன்றைய பெட்டிகளில் அது சுலபத்தில் கெடாது. அதனால்தான் கம்பெனி தைரியமாகப் பத்து வருடம் எழுதிக் கொடுக்கிறது. அப்படியே கெட்டாலும், பெரும்பாலான வாரண்டியில் இலவசமாகக் கிடைப்பது அந்த உருளை மட்டும்தான். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் கூலி, வாயு நிரப்பும் செலவு, ஈப்போவிலிருந்து ஆள் வந்து போகிற செலவு எல்லாம் உங்கள் தலையில் விழும்.

உண்மையில் கெடுகிறவை வேறு. உள்ளே குளிர்காற்றை வீசும் சிறிய ஃபேன் மோட்டார், உறைபனியை உருக்கும் ஹீட்டர், அதோடு சேர்ந்த சென்சார், கதவு ரப்பர், குழாயில் ஏற்படும் வாயுக் கசிவு, எல்லாவற்றுக்கும் மேலாக எலெக்ட்ரானிக் போர்டு. கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிற இன்வெர்ட்டர் பெட்டியில் அதை ஓட்டுவதே இந்தப் போர்டுதான். போர்டு போனால் கம்ப்ரசர் நல்லபடி இருந்தும் பெட்டி குளிராது. ஆனால் பத்து வருட வாரண்டியில் போர்டு சேருமா என்று பார்த்தால், பல தாள்களில் சேராது என்றே எழுதியிருக்கும். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "பொது வாரண்டி எத்தனை வருஷம்? இன்வெர்ட்டர் போர்டு எதுல சேருது?" வாயால் சொல்லும் பதிலோடு நிற்காமல், வாரண்டி அட்டையில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

கூடுதல் தாள் எத்தனை வருடத்தைக் கூட்டுகிறது

"மூன்று ஆண்டுப் பாதுகாப்பு" என்று அட்டையில் போட்டிருந்தால் பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று பொருள். முதல் ஆண்டைக் கம்பெனி ஏற்கெனவே இலவசமாகத் தருகிறது. அப்படியானால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இரண்டு ஆண்டு. கம்பெனி பொது வாரண்டியே இரண்டு ஆண்டு என்றால், அதே விலைக்கு உங்களுக்குக் கிடைப்பது ஓராண்டு மட்டும். விலையை எப்போதும் இந்த உண்மையான கூடுதல் ஆண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்த ஆண்டுகள் எந்த ஆண்டுகள் என்பதும் முக்கியம். மின்சாமானில் தயாரிப்புக் குறை இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வெளியே வந்துவிடும்; அதற்குக் கம்பெனி வாரண்டி இருக்கிறது. பாகங்கள் தேய்ந்து ஓய்வது பல ஆண்டுகளுக்குப் பிறகு. அப்போது கூடுதல் தாளும் முடிந்திருக்கும். நடுவில், இரண்டாவது மூன்றாவது ஆண்டில், பெட்டி பொதுவாக அமைதியாக ஓடும். கூடுதல் தாள் விற்கப்படுவது அந்த அமைதியான காலத்துக்குத்தான்.

என்னென்ன சேராது: நம் ஊரில் இங்கேதான் எல்லாம் இருக்கிறது

பளபளப்பான விளம்பர அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழு நிபந்தனைத் தாளைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்றும் மலாயில் "பெங்கெசுவாலியான்" என்றும் ஒரு தலைப்பு இருக்கும். முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி அது. ஆங்கிலம் தடுமாறினால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அதில் மின்னல் இருக்கும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு இருக்கும். பூச்சி, எலி, பல்லி இருக்கும். துரு இருக்கும். கதவு ரப்பர், விளக்கு போன்ற தேய்மானப் பாகங்கள் இருக்கும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்றும் இருக்கும்.

இப்போது இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நம் வீடுகளுக்கு வாருங்கள். தீபகற்ப மேற்குக் கரை உலகிலேயே இடி மின்னல் அதிகம் உள்ள பகுதிகளில் ஒன்று. பருவக்காற்று மாறுகிற ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் ஆனால் லிந்தாங் பக்கத்து மலையில் இடி தொடங்கிவிடும். எங்கோ விழுகிற மின்னல் மின்கம்பி வழியாக ஓடிவந்து வீட்டில் முதலில் அடிப்பது, நுண்ணிய மின்சுற்று உள்ள போர்டைத்தான். தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கம்பி நெடுந்தூரம் செம்பனைக்கு நடுவே ஓடி வருகிறது. மட்டை விழுந்து கரண்டு போய்ப் போய் வருவதும் வழக்கம்.

பெட்டியின் பின்பக்கம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டைத் தேடி எறும்பும் பல்லியும் போர்டுக்குள் போய் உட்காரும். போர்டைக் கழற்றினால் இரண்டு ஈயப் புள்ளிகளுக்கு நடுவே குறுக்காகக் கருகிய குட்டிப் பல்லி ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கடையில் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆள் வந்து ஒரு படம் பிடித்து அனுப்பினால் போதும், "பூச்சியால் வந்த சேதம்" என்று பதில் வந்துவிடும்.

வியாபாரம் என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். வீட்டில் தோசை மாவு அரைத்து விற்பது, ஐஸ்கிரீம் குச்சி போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பது, இரவுச் சந்தைக்குக் கேசரியும் பலகாரமும் செய்து வைப்பது எல்லாமே அந்தத் தாளின் கண்ணில் வியாபார உபயோகம். பெட்டிக்குள் இருபது மாவுப் பொட்டலம் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் கம்பெனி வாரண்டியையே மறுக்க இடம் உண்டு. அப்படித் தொழில் செய்கிறவர்கள் வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் வாரண்டிக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

யார் தருகிறார்கள், ஆள் வருவாரா

தாளின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தயாரித்த கம்பெனியா, கடையா, இரண்டும் இல்லாத மூன்றாவது நிறுவனமா? கடையின் சொந்தத் தாள் என்றால் கடை இருக்கும்வரைதான் தாளும். மூன்றாவது நிறுவனம் என்றால், பழுதானால் கடைக்காரர் "அவங்களைக் கேளுங்க" என்பார், அவர்கள் "கம்பெனியைக் கேளுங்க" என்பார்கள். முகவரியும் பதிவு எண்ணும் தொலைபேசி எண்ணும் அச்சில் இல்லாத தாளை வாங்கவே வேண்டாம்.

பிறகு தூரம். சர்வீஸ் சென்டர் ஈப்போவில் இருந்தால் டவுனுக்கு வருவது சிரமமில்லை. ஆனால் உங்கள் வீடு ஹீவுட் அல்லது எல்பில் தோட்டத்துக்குள் இருந்தால், வெளியூர்க் கட்டணம் என்று தனியாகக் கேட்பார்கள், அல்லது பெட்டியை நீங்களே லாரியில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்வார்கள். தாளை வாங்கும் முன் சர்வீஸ் எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "இங்க வருவீங்களா, எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு போன் அழைப்பில் தீரும் சந்தேகம் இது.

கணக்கு

இனி விலைக்கு வருகிறேன். என் அண்ணன் மகள் கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போனபோது போட்ட கணக்கையே காட்டுகிறேன். அவள் கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. இரண்டு கதவு இன்வெர்ட்டர் பெட்டி, விலை 1,899 வெள்ளி. பொது வாரண்டி ஒரு வருடம், கம்ப்ரசருக்குப் பத்து வருடம், போர்டு பொது வாரண்டியில் மட்டும். கூடுதல் தாள் மூன்று ஆண்டுப் பாதுகாப்பு, 249 வெள்ளி. அதாவது இரண்டாவது, மூன்றாவது ஆண்டுக்கு.

முதல் வேலை, உண்மையான விலையைக் கண்டுபிடிப்பது. அவர்கள் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினார்கள். கடை நூற்றுக்கு 15 வட்டி சேர்த்தது. 249 வெள்ளிக்கு வட்டி 37 வெள்ளி. ஆக, அந்தத் தாளின் விலை 286 வெள்ளி. மாதத்துக்கு இருபத்து நாலு என்று கடையில் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது வேலை, பழுதானால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேட்பது. இதை விற்கிற கடையில் கேட்காமல் பழுது பார்க்கிறவரிடம் கேளுங்கள். நாங்கள் டவுனில் நீண்டகாலமாக ஐஸ்பெட்டி, ஏர்கோன் பழுது பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனோம். இந்த மாடலுக்குச் சென்சார், ஹீட்டர் வேலை என்றால் 150 வெள்ளி, ஃபேன் மோட்டார் 180, கசிவை அடைத்து வாயு நிரப்ப 280, போர்டு மாற்ற 420 என்றார். உங்கள் மாடலுக்கு எண்கள் வேறாக இருக்கும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"அத்தை, இதுல எதை எடுத்துக் கணக்குப் போடறது?" என்றாள்.

"ஆகக் கூடுனதை எடு. தாளுக்குச் சாதகமாவே போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

மூன்றாவது வேலை ஒரே ஒரு வகுத்தல். தாளின் விலையைப் பழுதின் விலையால் வகுக்க வேண்டும். 286-ஐ 420-ஆல் வகுத்தால் 0.68 வரும். இதன் பொருள் என்னவென்றால், இதே போலப் பத்துப் பேர் தாள் வாங்கினால், அதில் ஏறக்குறைய ஏழு பேர் பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது ஆண்டுக்குள் போர்டு போனால்தான் பத்துப் பேர் கொடுத்த காசுக்கும் கிடைத்த பழுதுக்கும் சரியாக வரும். அதுவும் மின்னலோ பல்லியோ காரணமாக இருக்கக் கூடாது. ஃபேன் மோட்டாரை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் மோசம்: 286 வெள்ளி கொடுத்து 180 வெள்ளிப் பழுதுக்குப் பாதுகாப்பு வாங்குகிறோம். பத்துப் பெட்டியும் பழுதானாலும் போட்ட காசு திரும்பாது.

நான்காவது வேலை, அந்த "பத்துக்கு ஏழு" நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். உங்கள் வரிசையில் ஐந்தாறு வருடத்துக்குள் பெட்டி வாங்கிய பத்து வீட்டில் விசாரியுங்கள். முதல் வருடம் முடிந்து மூன்றாம் வருடத்துக்குள் பழுதானதா? எது பழுதானது? எதனால்? அவள் தன் தெருவில் கேட்டபோது பத்தில் இரண்டு வீட்டில் பழுது. ஒன்று இடி விழுந்த இரவில் போனது; தாள் இருந்தாலும் கிடைத்திருக்காது. மற்றொன்று ஃபேன் மோட்டார். தேவை பத்துக்கு ஏழு, கண்ணில் பட்டது பத்துக்கு ஒன்று. பத்து வீடு சின்னக் கணக்குதான், அதைக் கொண்டு கம்பெனியின் தரத்தையே சொல்லிவிட முடியாது. ஆனால் ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும்போது முடிவெடுக்க அது போதும். அவர்கள் தாளை வாங்கவில்லை.

இடைவெளி குறைவாக இருந்தால் அவ்வளவு சுலபமாக முடிவு சொல்ல முடியாது. வகுத்து வரும் எண் பத்துக்கு இரண்டுக்குக் கீழே இருந்தால் நிபந்தனைத் தாளை இன்னொரு முறை பொறுமையாகப் படியுங்கள்; அங்கே தாள் பயனுள்ளதாக இருக்க வாய்ப்பு உண்டு. பத்துக்கு ஐந்துக்கு மேலே போனால் படிக்கும் சிரமம்கூட வேண்டாம் என்பேன்.

எப்போது வாங்கலாம்

ஒரே ஒரு பாகம் கெட்டால் பொருளின் விலையில் பாதிக்கு மேல் போகும் என்றால் கணக்கு மாறிவிடும். பெரிய டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். திரை போனால் புதுத் திரையின் விலை புது டிவி விலையைத் தொடும். 2,800 வெள்ளி டிவிக்குத் தாள் 260 வெள்ளி, திரை மாற்ற 1,900 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், வகுத்தால் பத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை. இது யோசிக்க வேண்டிய எண். ஆனால் திரையில் தானாக வரும் கோடு, கருமை மட்டும் சேருமா, பிள்ளை ரிமோட்டை எறிந்து உடைந்தாலும் சேருமா என்பதைப் பாருங்கள். உடைந்ததைச் சேர்க்காத தாள்தான் அதிகம்.

தாள் கைகொடுக்கும் இன்னோர் இடம் வருமானம் சம்பந்தப்பட்டது. திடீரென்று 400 வெள்ளி கேட்டால் புரட்ட முடியாத வீடு, கைக்குழந்தைக்கு மருந்து குளிரில் வைக்க வேண்டிய வீடு என்றால், கணக்கில் கொஞ்சம் நஷ்டமானாலும் தாள் வாங்குவதில் நியாயம் உண்டு. அப்போதும், பழுது பார்க்க எத்தனை நாள் எடுப்பார்கள், அதுவரை மாற்றுப் பெட்டி தருவார்களா என்று கேளுங்கள். மாற்றுப் பெட்டி தராத தாள் மருந்தைக் காப்பாற்றாது.

சர்வீஸ் திட்டம் என்பது வேறு சங்கதி. ஏர்கோன் கழுவுவது, தண்ணீர் வடிகட்டிக்கு ஃபில்டர் மாற்றுவது போன்றவை எப்படியும் செய்தாக வேண்டியவை. அங்கே சாத்தியக் கணக்கு எதுவும் வேண்டாம்: எத்தனை முறை வருவார்கள் என்று எண்ணி, டவுனில் ஒரு முறைக்கு வாங்கும் கூலியால் பெருக்கி ஒப்பிட்டால் போதும். ஃபில்டர் விலையும் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது வாங்குவதாக இருந்தாலும், கடையிலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை. பல தாள்களைப் பொருள் வாங்கிய சில வாரம் வரை, சிலவற்றைக் கம்பெனி வாரண்டி முடியும் முன்புவரைகூட வாங்கலாம். "இதை எப்பவரைக்கும் வாங்கலாம்?" என்று கேட்டு, நிபந்தனைத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அந்தக் காசை வைத்துச் செய்ய வேண்டியது

மின்னலைப் பெரும்பாலான தாள்கள் ஏற்காது என்பதால், அந்த 249 வெள்ளியில் ஒரு பகுதியை மின்னலைத் தடுக்கச் செலவழிப்பதே நல்லது. சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் வாங்கி ஐஸ்பெட்டியை அதில் மாட்டுங்கள். அண்ணன் மகள் வாங்கியது 60 வெள்ளி. ஆனால் வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இல்லையென்றால் அது முழுதாக வேலை செய்யாது. பழைய தோட்டத்து வீடுகளில் எர்த் கம்பி அறுந்தோ துருப்பிடித்தோ கிடப்பது உண்டு. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு ஒரு முறை சோதித்துவிடுங்கள். பக்கத்திலேயே விழும் மின்னலை இதுவும் தடுக்காது. பெரிய இடி மழையில் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் வழி. கதவைத் திறக்காமல் இருந்தால் பெட்டி சில மணி நேரம் குளிர் தாங்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வைத்து, பின்பக்கத்தை மாதம் ஒரு முறை கூட்டினால் எறும்பும் பல்லியும் குறையும்.

மீதிக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். தாள் வாங்கியிருந்தால் மாதம் கட்டியிருக்கும் இருபத்து நாலு வெள்ளியை ஒரு வருடம் போட்டு வந்தாலே ஃபேன் மோட்டாரோ கசிவோ வந்தால் கையில் காசு இருக்கும். மூன்றாம் வருடத்துக்குப் பிறகும் அந்தக் காசு உங்களிடமே இருக்கும்.

பதினான்காவது மாதத்தில் பழுதானால்

கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது, கூடுதல் தாளும் இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நீடித்து உழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளருக்கும் விற்றவருக்கும் உள்ள பொறுப்பு. இந்த உரிமைகள் கூடுதல் தாள் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒன்றுதான். "எங்கள் கடையில் அது செல்லாது" என்று ரசீதில் அச்சடித்தாலும் பறிபோகாது. ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளிப் பெட்டி, ஒழுங்காகப் பயன்படுத்தியும் பதினான்காவது மாதத்தில் தயாரிப்புக் குறையால் நின்றால், கடையிடமும் கம்பெனியிடமும் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. மின்னலோ தவறான உபயோகமோ காரணம் என்றால் இந்த வழி உதவாது.

அதனால் காரணம் எழுத்தில் இருப்பது முக்கியம். பெட்டி நின்றதும் தெரிந்த பையனைக் கூப்பிட்டுப் பிரிக்காதீர்கள். முதலில் கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லுங்கள். வந்த ஆளிடம் எந்தப் பாகம், என்ன காரணம் என்று வேலைத் தாளில் எழுதி வாங்குங்கள். "கேஸ் குறைஞ்சிருச்சு" என்று சொன்னால், எங்கே கசிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஐஸ்பெட்டி வாயு மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது, ஓடிஓடித் தீர்ந்துபோவதில்லை. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அது மறுபடி போய்விடும்.

ரசீது இல்லாமல் எதுவும் நகராது. கடையில் தரும் சூட்டில் அச்சாகும் காகிதம் ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே ரசீதையும், வாரண்டி அட்டையையும், பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண் சீட்டையும் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் வாரண்டிக்கு இணையத்தில் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள். பதிவுக்கான கெடு தவறினால் பத்து வருடம் வெறும் ஸ்டிக்கராகிவிடும்.

கடையும் கம்பெனியும் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குவது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை ஏற்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். விசாரணைக்குப் போகும்போது ரசீது, வாரண்டி அட்டை, காரணம் எழுதிய வேலைத் தாள், கடைக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை அச்செடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய போர்டைத் தொழிலாளி கொண்டுபோக விடாமல் கேட்டு வாங்கி வைத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.